மிச்சமான 582 யூரோ: ஒரு ஃபாரெக்ஸ் கார்டின் கணக்கு

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க ஒரு தம்பதி சென்னையிலிருந்து போனார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள். ஜெர்மனியில் இரண்டு வாரம், நடுவில் சில நாள் சுவிட்சர்லாந்து. கையில் ஒரே ஒரு ப்ரீபெய்ட் ஃபாரெக்ஸ் கார்டு, அதில் 3,000 யூரோ. திரும்பி வந்தபோது 582 யூரோ 68 சென்ட் மிச்சம் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆப்பில் 332.68 என்றுதான் காட்டியது. அதை ரூபாயாக மாற்றியபோது கணவர் போட்டிருந்த கணக்கைவிடக் குறைவாகவே கணக்கில் வந்து விழுந்தது. பணம் எங்கே போனது என்று கேட்டு, ஸ்டேட்மென்ட், பில்கள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். ஃபாரெக்ஸ் கவுன்ட்டரில் வேலை பார்த்தவன் என்பதால் இந்த மாதிரி கவர்கள் எனக்குப் பழக்கம்தான்.

கணக்கைப் பின்தொடர எளிதாக இருக்கட்டும் என்று, சந்தை ரேட்டை யூரோவுக்கு 90 ரூபாய் என்றே போகும்போதும் வரும்போதும் வைத்துக்கொள்கிறேன். மற்ற விகிதங்களையும் அதற்கேற்பச் சரிசெய்திருக்கிறேன். உண்மையில் ரேட் தினமும் ஆடும். அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டால்தான் வங்கியின் பங்கு எவ்வளவு என்று தெளிவாகத் தெரியும்.

பணம் ஏற்றிய நாள்

கூகுளில் 90 ரூபாய் என்று வந்த அதே நாளில் அவருக்குக் கார்டில் ஏற்றிய ரேட் 92.25. அந்த 2 ரூபாய் 25 காசு வங்கியின் மார்ஜின். ரசீதில் அது தனி வரியாக வராது, ரேட்டுக்குள்ளேயே கலந்திருக்கும். 3,000 யூரோவுக்கு 2,76,750 ரூபாய் ஆனது. அதன்மேல் ஜிஎஸ்டி. மாற்றிய முழுத் தொகைக்கும் 18 சதவீதம் போட்டுவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. முதல் ஒரு லட்சத்துக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் பத்து லட்சம் வரை உள்ள தொகைக்கு அரை சதவீதம் என்று சேவையின் மதிப்பைக் கணக்கிட்டு, அந்த மதிப்புக்கு மட்டும்தான் 18 சதவீதம். அவருக்கு 339 ரூபாய் வந்தது. கார்டுக் கட்டணம் வரியோடு 354. மொத்தம் 2,77,443 ரூபாய்.

அவர் கேட்ட முதல் கேள்வியே அந்த 354 ரூபாயைப் பற்றித்தான். "கார்டு ஃப்ரீன்னு சொன்னாங்களே சார்?" ரேட்டுக்குள் போன 6,750 ரூபாயைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கவுன்ட்டருக்கு வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். கட்டணம் கண்ணுக்குத் தெரியும், மார்ஜின் தெரியாது. சில கார்டுகள் 'ஜீரோ மார்க்அப்' என்று விளம்பரம் செய்வதும் இந்த இடத்தில்தான் குழப்பும். செலவு செய்யும்போது மார்க்அப், அதாவது கூடுதல் கட்டணம், இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம், ஏற்றும்போது ரேட்டில் வாங்கிக்கொண்டிருக்கலாம். அதனால் கவுன்ட்டரில் கேட்க வேண்டியது, "இப்போ சந்தை ரேட் என்ன, அதுக்கு மேல எத்தனை பைசா வைக்கிறீங்க?" என்பதுதான். இப்படிக் கேட்பவருக்குப் பல இடங்களில் ரேட் கொஞ்சம் இறங்கும். ஒரு ரூபாய் மார்ஜினுக்கு, அதாவது 91-க்கு அவர் ஏற்றியிருந்தால் 3,750 ரூபாய் மிஞ்சியிருக்கும். அதோடு, அதே கார்டைத் திரும்பக் கொடுத்தால் எந்த ரேட்டில் வாங்குவீர்கள் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். வங்கியின் தினசரி ரேட் தாளில் டிராவல் கார்டுக்கு விற்கும் ரேட், வாங்கும் ரேட் என இரண்டு பத்திகள் தனித்தனியாக இருக்கும். அவற்றின் இடைவெளிதான் மிச்சப் பணத்தின் விலை. இவருடைய வங்கியில் விற்பது 92.25, வாங்குவது 87.75. யூரோவுக்கு நாலரை ரூபாய் இடைவெளி.

அந்நியச் செலாவணி வாங்கும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிசிஎஸ் இவருக்கு வரவில்லை. 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் அது பிடிக்கப்படும். பான் எண்ணை வைத்து எல்லா வங்கிகளிலும் அனுப்பியதைச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

செலவு செய்த விதம்

ஜெர்மனியில் யூரோவில் நேரடியாகத் தேய்த்தது 1,420 யூரோ. இதில் ஒரு சென்ட்கூடக் கூடுதலாகப் போகவில்லை. கார்டில் எந்த நாணயம் இருக்கிறதோ அதே நாணயத்தில் செலவு செய்தால் இந்தக் கார்டைப் போல வசதியான ஒன்று இல்லை. ஏற்றிய அன்றைய ரேட்டே கடைசி வரைக்கும். நடுவில் ரூபாய் சரிந்தாலும் கவலை கிடையாது.

ஏடிஎம்மில் 200 யூரோ எடுத்தார். அந்த ஏடிஎம் வைத்திருப்பவருக்கு 5 யூரோ, கார்டு கொடுத்த வங்கிக்கு 2 யூரோ, ஆக 207. இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரொக்கம் வேண்டுமென்றால் ஒரே தடவையில் எடுப்பது நல்லது, அவ்வளவுதான்.

சுவிட்சர்லாந்தில்தான் முதல் ஓட்டை. அங்கே ஃபிராங்க். கார்டில் யூரோ மட்டுமே. 400 ஃபிராங்குக்குச் செலவு செய்தார். அன்றைய விகிதத்தில் அது 420 யூரோ. அதற்கு மேல் வேறு நாணயத்துக்கான கட்டணம் மூன்றரை சதவீதம், அதாவது 14.70 யூரோ. ஆக 434.70 கழிந்தது. ஒரே கார்டில் பல நாணயங்களை வைக்க வழி இருக்கிறது. கிளம்பும் முன்பே ஒரு பகுதியை ஃபிராங்காக ஏற்றியிருந்தால் இந்தக் கட்டணம் வந்திருக்காது. ஆனால் சில நாள் பயணத்துக்கு ஃபிராங்க் ஏற்றி அதிலும் மிச்சம் விழுந்தால், திரும்பக் கொடுக்கும்போது அதற்கும் இரண்டு பக்க மார்ஜின் உண்டு. 400 ஃபிராங்க் வரை செலவாகலாம் என்று தோன்றினால் 300 ஏற்றிவிட்டு மீதிக்குக் கட்டணம் கட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டாவது ஓட்டைக்கு வருவோம். ஸ்டுட்கார்ட்டில் ஒரு துணிக்கடை, பில் 180 யூரோ. கடைக்காரர் இயந்திரத்தை நீட்டினார். திரையில் இரண்டு தேர்வுகள்: `EUR 180.00`, `INR 17,010.00`. நம்ம ரூபாயிலேயே எவ்வளவு என்று தெரிகிறதே என்று அவர் ரூபாயை அழுத்தினார். கடனட்டையிலோ டெபிட் கார்டிலோ இப்படிச் செய்தாலே நஷ்டம்தான். ஃபாரெக்ஸ் கார்டில் இரட்டை நஷ்டம். ஏன் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கார்டின் முதல் சில எண்களைப் பார்த்து அது இந்திய வங்கி கொடுத்தது என்று இயந்திரம் புரிந்துகொள்கிறது. உள்ளே யூரோதான் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் ரூபாயில் கட்டலாமா என்று கேட்கிறது. சரி என்றால், கடைக்காரரின் வங்கி தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டு யூரோவை ரூபாயாக்குகிறது. இங்கே போட்டது 94.50. இப்போது நம் வங்கிக்கு வந்து சேர்வது 17,010 ரூபாய்க்கான ஒரு பரிவர்த்தனை. கார்டில் ரூபாய் இல்லையே! அதனால் அந்த ரூபாயை 90 கணக்கில் மறுபடி யூரோவாக்குகிறார்கள், 189 யூரோ. இதுவும் வேறு நாணயம் என்று கணக்காகி மூன்றரை சதவீதம், 6.62 யூரோ. கடைசியில் 180 யூரோ துணிக்குக் கார்டிலிருந்து போனது 195.62. யூரோவில் வைத்திருந்த பணம் யூரோவில் விற்ற பொருளுக்குப் போக, ரூபாய் வழியாக ஒரு சுற்று சுற்றியிருக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஸ்டேட்மென்ட்டில் வெளிநாட்டுக் கடைப் பெயருக்குப் பக்கத்தில் பரிவர்த்தனை நாணயம் `INR` என்று இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. கடையிலேயே கவனித்துவிட்டால், அந்த விற்பனையை ரத்து செய்து யூரோவில் மறுபடி தேய்க்கச் சொல்லலாம். ஊர் திரும்பிய பிறகு வங்கியில் முறையிட்டுப் பலன் கிடைப்பது அரிது, ஏனென்றால் வாடிக்கையாளர் தாமே தேர்ந்தெடுத்தார் என்று ரசீதில் அச்சாகியிருக்கும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வேறு வார்த்தைகளில் வரும். 'மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா' என்று கேட்டால் மறுக்க வேண்டும். மறுத்தாலும் பணம் வரும்.

காணாமல் போன 250

கடைசியாக ஓட்டல். உள்ளே நுழையும்போது 250 யூரோவுக்கு முன்அனுமதி வாங்கினார்கள். அது பணத்தைக் கழிப்பது கிடையாது, அந்தத் தொகையை ஒதுக்கிப் பூட்டி வைப்பது. கிளம்பும்போது பில் 160 யூரோ. பூட்டி வைத்த 250-இலிருந்தே 160-ஐ எடுத்துக்கொண்டு மீதியை விடுவித்திருக்க வேண்டும். வரவேற்பில் இருந்தவர் அப்படிச் செய்யாமல் 160-க்குப் புதிதாக ஒரு தடவை கார்டைத் தேய்த்துவிட்டார். ஆகவே 160-உம் போனது, 250-உம் பூட்டிலேயே நின்றது.

இதனால்தான் ஆப்பில் 332.68. கார்டில் உண்மையாக இருந்தது 582.68. கடனட்டையில் இப்படி நடந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், வரம்பில் கொஞ்சம் குறையும், பிறகு சரியாகும். இங்கே பூட்டப்படுவது நாம் ஏற்கெனவே கட்டிய பணம். ஓட்டல் எடுக்கும் முன்அனுமதி தானாக விலக ஒரு மாதம்கூட ஆகலாம். வாடகைக் கார், பெட்ரோல் பங்க் இரண்டிலும் இதே சிக்கல் வரும். அந்த மூன்று இடங்களிலும் உள்ளே நுழையும்போது கடனட்டையைக் கொடுத்துவிட்டு, கடைசி பில்லை மட்டும் ஃபாரெக்ஸ் கார்டில் கட்டுவதுதான் நிம்மதி.

வங்கியில் அவரிடம் சொன்ன பதில் இது: "சார், 250 ஹோல்டுல இருக்கு. ஓட்டல் ரிலீஸ் பண்ணாத்தான் எங்களால கொடுக்க முடியும்." அவருக்குக் கோபம். ஆனால் வங்கி சொன்னது சரிதான். செலவாகாத பணத்தைக் கேட்டவுடன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2012-இல் ரிசர்வ் வங்கி சொன்னபோதே சில விலக்குகளையும் சேர்த்துச் சொன்னது. அனுமதி வாங்கப்பட்டு, கடைக்காரர் தரப்பு இன்னும் வாங்கிக்கொள்ளாத தொகையை, அந்தக் கணக்கு தீரும் வரை வங்கி பிடித்து வைக்கலாம். வழியில் இருக்கக்கூடிய பரிவர்த்தனைகளுக்காக 100 டாலருக்கு மிகாமல் ஒரு சிறு இருப்பையும் வைத்துக்கொள்ளலாம். ரயிலிலும் பஸ்ஸிலும் கார்டைத் தட்டிப் போன கட்டணங்கள் சில சமயம் நாலைந்து நாள் கழித்துத்தான் வந்து சேரும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. கட்டணங்களையும் கழித்துக்கொள்ளலாம். இவை தவிர, கார்டு மூடவில்லை, காலம் முடியவில்லை என்று காரணம் சொல்லி இழுத்தடிக்க முடியாது.

காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடைசி பில்லையும், முன்அனுமதி ரசீதில் இருக்கும் ஆறு இலக்க அனுமதி எண்ணையும் இணைத்து, பூட்டை விடுவிக்கச் சொல்லி ஓட்டலுக்கே மின்னஞ்சல் எழுதலாம். விடுவித்துவிட்டோம் என்று அவர்கள் எழுதும் பதிலை வங்கியில் கொடுத்தால் சில நாளில் முடியும். இவரிடம் அந்த முதல் ரசீது இல்லை. கடைசி பில்லை மட்டும்தான் பத்திரப்படுத்தியிருந்தார். அதனால் தானாக விலகும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ரூபாயாக மாறிய கதை

முதலில் 332.68 யூரோவை 87.75 ரேட்டில் எடுத்தார்கள். 29,193 ரூபாய். இதற்கும் ஜிஎஸ்டி உண்டு, ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் இது இன்னொரு நாணய மாற்று. ஒரு லட்சத்துக்குள் இருந்தால் தொகையில் ஒரு சதவீதம் மதிப்பு, அதற்கு 18 சதவீதம்: 53 ரூபாய். திருப்பித்தரும் கட்டணம் வரியோடு 177. கைக்கு வந்தது 28,963. இதே 332.68 யூரோவை ஏற்ற அவர் கொடுத்திருந்தது 30,690. பூட்டு விலகிய பிறகு 250 யூரோவுக்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி 177 ரூபாய், ஜிஎஸ்டியின் குறைந்தபட்சமான 45 ரூபாய். கைக்கு 21,715. கொடுத்திருந்தது 23,062. இரண்டையும் சேர்த்தால் நஷ்டம் சுமார் 3,074 ரூபாய், அதாவது 5.7 சதவீதம்.

இதில் 2,622 ரூபாய் அந்த நாலரை ரூபாய் இடைவெளியால் மட்டுமே போனது. வழியெல்லாம் விட்ட ஏடிஎம், ஃபிராங்க், துணிக்கடை மூன்றும் சேர்ந்து 37 யூரோ, சுமார் 3,440 ரூபாய். ஒரு தவறும் செய்யாமல் வெறுமனே மிச்சம் வைத்ததற்கான விலையும் ஏறக்குறைய அதே அளவு.

ரேட் ஏறினால் லாபம் வருமே என்று அவர் மருமகன் சொன்னாராம். வரலாம். ஆனால் வாங்கும் ரேட் 92.25-ஐத் தொட, சந்தை ரேட் 94.50-க்குப் போக வேண்டும், ஐந்து சதவீத ஏற்றம். அதற்குப் பிறகுதான் முதல் ரூபாய் லாபம். இன்னொன்று, எந்த நாள் ரேட் என்பது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட நாள் ரேட் என்று நினைத்துக்கொண்டு போவார்கள், பல இடங்களில் வங்கி உள்ளே அதைச் செயல்படுத்தும் நாளின் ரேட்தான். எந்த நாள் என்று கேட்டு, விண்ணப்ப நகலில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

திருப்பியிருக்க வேண்டுமா?

இதுதான் என்னைப் பொறுத்தவரை சுவாரசியமான கேள்வி. திரும்பி வந்த 180 நாளுக்குள் மிச்ச அந்நியச் செலாவணியை ஒப்படைக்க வேண்டும் என்பது பொது விதி. 2,000 டாலர் வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. 582 யூரோ அதற்குள் அடங்கும். ஆக, திருப்பியே ஆக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அப்படியே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இவருடைய கார்டில் ஆறு மாதம் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் 5 யூரோ கழியும், சுமார் 450 ரூபாய். இன்னொரு பக்கம், கைக்கு வந்திருக்கும் 50,700 ரூபாய் வங்கி வைப்பில் ஆறரை சதவீத வட்டிக்கு இருந்தால் ஒன்பது மாதத்தில் சுமார் 2,470 ரூபாய் தந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் 2,920. திருப்பியதில் போனது 3,074. அதாவது ஒன்பது, பத்து மாதத்துக்குள் மறுபடி யூரோ தேவைப்படும் என்றால் கார்டிலேயே விடுவது லாபம். அதற்கு மேல் தள்ளிப்போகும் என்றால் திருப்பிவிடலாம். கார்டின் காலாவதி தேதியையும் கட்டணப் பட்டியலையும் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும், வங்கிக்கு வங்கி இது மாறும்.

மகளுக்குப் பிரசவம் வரும் ஆனியில். அதற்குள் மறுபடி போகப் போகிறார்கள், ஆறே மாதம்! இவர்கள் விஷயத்தில் திருப்பியது வீண். அதைவிட எளிய வழி அங்கேயே இருந்தது. கிளம்பும் வாரத்தில் மகள் வீட்டு மாதச் சாமான், அவள் வாங்க நினைத்திருந்த குழந்தைக் கட்டில் இவற்றுக்கெல்லாம் இந்தக் கார்டைத் தேய்த்திருந்தால் 332 யூரோவும் ஏற்றிய ரேட்டிலேயே செலவாகியிருக்கும்.

அடுத்த பயணத்துக்கு 3,000-ஐ ஒரேயடியாக ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன். போன முறை அவர்கள் செலவழித்தது மொத்தம் 2,417 யூரோ. முதலில் 2,000 ஏற்றிக்கொண்டு போய், நடுவில் 500 ஏற்றியிருந்தால் கூடுதல் செலவு மறுஏற்றக் கட்டணம் 118 ரூபாய்தான். மிச்சம் 582-க்குப் பதில் 82 யூரோவாக இருந்திருக்கும், அந்த 500 யூரோவின் இடைவெளியான 2,250 ரூபாய் தப்பியிருக்கும். மறுஏற்றம் இங்கிருந்தே நெட் பேங்கிங்கில் செய்யக்கூடியது. ஆனால் சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் பணம் கார்டுக்குப் போய்ச் சேரத் தாமதமாகலாம். இருப்பு 300 யூரோவுக்குக் கீழே இறங்கியதும், வார இறுதி வரை தள்ளாமல் அன்றைக்கே ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். மறுஏற்றத்துக்கான அறிவிப்புப் படிவத்தை ஆன்லைனில் கொடுக்கும் வசதி அவருடைய கார்டில் இருக்கிறதா, வங்கி அனுப்பும் ஓடிபி ஜெர்மனியில் அவர் போனுக்கு வந்து சேருமா என்ற இரண்டையும் கிளம்பும் முன்பே சரிபார்க்க வேண்டும். ஓடிபி வரும் எண்ணுக்கு ரோமிங் போட மறந்தவர்கள்தான் கடைசியில் ஏடிஎம் வாசலில் நின்றுகொண்டு எனக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பார்கள்.